கையெழுத்து வாங்கியாச்சு, 1099 அனுப்பியாச்சு, அப்புறம் என்ன?

பாடசாலை · 2025 பிப்ரவரி 3

நியூ ஜெர்சியில் கணக்குப் பாடத்துக்கு ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். நான்கு ஆசிரியர்கள். நால்வரிடமும் "நான் ஊழியர் அல்ல, இன்டிபென்டன்ட் காண்ட்ராக்டர்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஜனவரி 31க்குள் எல்லாருக்கும் காண்ட்ராக்டருக்கான 1099 படிவம் அனுப்பியாகிவிட்டது. போன வாரம் ஒரு நண்பர் வீட்டு விருந்தில் ஒருவர், "இதெல்லாம் செல்லாது, மாட்டினால் தீர்ந்தது" என்று பயமுறுத்திவிட்டார். இரு தரப்பும் மனமொத்துப் போட்ட கையெழுத்து எப்படிச் செல்லாமல் போகும்? அதிலும் ஆசிரியர்களில் இருவர் தாங்களாகவே 1099தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள். விருந்தாளி சும்மா சொன்னார் என்பது என் எண்ணம்.

தெற்குத்தெரு · 2025 பிப்ரவரி 3

பயப்படாதீர்கள். பகுதிநேரம் என்றால் காண்ட்ராக்டர்தான். முழுநேரம் வைத்தால்தான் ஊழியருக்கான டபிள்யூ-2 படிவம். இன்னும் பத்திரமாக இருக்க வேண்டுமானால் அவர்களை ஆளுக்கொரு எல்எல்சி நிறுவனம் திறக்கச் சொல்லிவிடுங்கள், அந்த எல்எல்சி பெயருக்குப் பணம் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பேரேடு · 2025 பிப்ரவரி 4

பதினெட்டு வருடமாகச் சிறு நிறுவனங்களுக்குப் பேரோல் பார்க்கிறேன். விருந்தாளி சொன்னது பாதிக்கு மேல் சரி.

பகுதிநேரம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வாரம் இரண்டு மணி நேரம் வேலை செய்பவரும் ஊழியராக இருக்கலாம், அறுபது மணி நேரம் உழைப்பவரும் காண்ட்ராக்டராக இருக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் பார்க்கும், ஆனால் கடைசியாகப் பார்க்கும். முதலில் பார்ப்பது வேலை எப்படி நடக்கிறது என்பதை.

பாடசாலை, சில கேள்விகள். வகுப்பு நேரத்தை முடிவு செய்வது யார்? பாடத்திட்டமும் ஒர்க்‌ஷீட்டும் யாருடையவை? பெற்றோர் பணம் கட்டுவது யாருக்கு, கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? ஆசிரியருக்கு ஒருநாள் வர முடியாவிட்டால் தன் பொறுப்பில் வேறு ஆளை அனுப்பலாமா? அவர்கள் வேறு இடத்தில் பாடம் எடுக்கலாமா?

பாடசாலை · 2025 பிப்ரவரி 4

நேரம் நான்தான். ஒர்க்‌ஷீட் என்னுடையது, எட்டு வருட உழைப்பு. பெற்றோர் எனக்கு மணிக்கு 45 டாலர் கட்டுகிறார்கள், நான் ஆசிரியருக்கு 30 கொடுக்கிறேன். வேறு ஆளை அனுப்ப முடியாது, யாரென்றே தெரியாதவரைக் குழந்தைகள் முன்னால் எப்படி நிறுத்துவது? வேறு இடத்தில் எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வேலையை விட்ட பிறகும் ஒரு வருடத்துக்கு.

தட்டச்சு செய்து முடித்ததும் நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். சரி, கொஞ்சம் உறுத்துகிறது.

பேரேடு · 2025 பிப்ரவரி 5

உறுத்த வேண்டியதுதான். சொந்தத் தொழில் செய்பவரை "ஒரு வருடத்துக்கு வேறு யாரிடமும் தொழில் செய்யாதே" என்று கட்டிப்போட முடியுமா? உங்களைக் காப்பாற்றும் என்று நினைத்து நீங்கள் எழுதிய அந்த ஷரத்துதான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

ஐஆர்எஸ் மூன்று பக்கமாகப் பார்க்கும். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, லாப நஷ்டம் யாருடையது, உறவு எப்படிப்பட்டது. முதலாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் தினமும் வகுப்பில் நின்று மேற்பார்வை பார்க்கிறீர்களா என்பது கேள்வி இல்லை. பார்க்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதுதான். இரண்டாவதில், ஆசிரியர் நஷ்டப்பட வழியே இல்லை: மணிக்கு 30 வந்துவிடும், மாணவர் குறைந்தாலும் வாடகை உங்கள் தலையில். இத்தனை புள்ளி எடுத்தால் காண்ட்ராக்டர் என்ற கணக்கெல்லாம் கிடையாது, மொத்தமாகத்தான் எடை போடுவார்கள். உங்கள் தராசில் மறு தட்டில் எதுவுமே இல்லை என்பதுதான் சிக்கல்.

குட்டிம்மா அம்மா · 2025 பிப்ரவரி 5

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்கா வருகிறார், வாரம் 25 மணி நேரம். அவருக்கும் 1099 கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். நாங்கள் கம்பெனி இல்லையே, குடும்பம்தானே?

பேரேடு · 2025 பிப்ரவரி 5

குடும்பமாக இருந்தாலும் அவர் உங்கள் ஊழியர்தான். உங்கள் வீட்டில், நீங்கள் சொன்ன நேரத்தில், நீங்கள் சொன்னபடி குழந்தையைப் பார்க்கிறார். 2025இல் ஒருவருக்கு 2,800 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் கட்ட வேண்டும், டபிள்யூ-2 கொடுக்க வேண்டும். மத்திய அரசுக் கணக்கை உங்கள் வருமான வரிப் படிவத்தோடு ஷெட்யூல் எச் வைத்து முடிக்கலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 941 படிவம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை. மாநிலத்துக்குத் தனியாகப் பதிய வேண்டும். 25 மணி நேரம் என்றால் 2,800ஐ சில வாரங்களிலேயே தாண்டிவிடுவீர்கள்.

தெற்குத்தெரு · 2025 பிப்ரவரி 6

பகுதிநேர விஷயத்தில் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்எல்சி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

பேரேடு · 2025 பிப்ரவரி 6

நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2022இல் ஈஸ்ட் பே டிரைவால் வழக்கு. சுவர்ப் பலகை பொருத்தும் ஆட்கள் பலர் எல்எல்சி வைத்திருந்தார்கள், காப்பீட்டுச் சான்றிதழும் இருந்தது. காகிதத்தில் நிறுவனம் இருந்தால் போதாது, உண்மையிலேயே தனித்து நிற்கும் தொழில் இருக்கிறதா என்று காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் வற்புறுத்தலுக்காகத் திறந்து, உங்கள் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும் எல்எல்சி எதையும் காட்டாது.

பாடசாலை · 2025 பிப்ரவரி 9

இரண்டு நாள் தூங்கவில்லை. என் கணக்குகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2024இல் நால்வருக்கும் சேர்த்து 80,000 டாலர் கொடுத்திருக்கிறேன்: 24,000, 24,000, 20,000, 12,000. எல்லாம் 1099இல் இருக்கிறது, ஒளிவுமறைவு இல்லை. இதை இப்போது சரிசெய்யப் போனால் எவ்வளவு கேட்பார்கள்? முந்தைய வருடங்களுக்கும் கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் சென்டரை மூடிவிடுவது மேல்.

பேரேடு · 2025 பிப்ரவரி 10

மூட வேண்டாம். இரண்டு வழிகளின் தொகையைப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலாவது, ஐஆர்எஸ் தானாகத் தேடி வந்தால். வேண்டுமென்றே செய்யவில்லை, 1099 அனுப்பியிருக்கிறீர்கள் என்றால் வரிச் சட்டத்தின் 3509ஆம் பிரிவின்படி சலுகை விகிதம். வருமான வரிப் பிடித்தத்துக்குப் பதிலாக 1.5 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேரில் ஊழியர் பங்கான 7.65இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.53, முதலாளி பங்கு முழுதாக 7.65. கூட்டினால் 10.68 சதவீதம். உங்கள் 80,000க்கு 8,544 டாலர். இது ஒரு வருடத்துக்கு. மூன்று வருடம் என்றால் ஏறத்தாழ 25,600, வட்டி தனி. 1099 அனுப்பாமல் விட்டிருந்தால் 13.71 சதவீதம், வருடத்துக்கு 10,968. அனுப்பியது நல்லதாயிற்று. இன்னொரு கசப்பு: ஆசிரியர்கள் தங்கள் பங்குக்கு ஏற்கனவே வரி கட்டிவிட்டார்கள் என்று சொல்லி இந்தத் தொகையைக் குறைக்க முடியாது, அவர்களிடம் திருப்பி வாங்கவும் முடியாது.

இரண்டாவது, நீங்களாகப் போனால். 2011இல் தொடங்கிய ஒரு திட்டம், விசிஎஸ்பி என்பார்கள். 8952 படிவத்தில் விண்ணப்பம். இனிமேல் இவர்களை ஊழியராக நடத்துகிறேன் என்று ஒப்புக்கொண்டால், கடைசி ஒரு வருடத்துக்கு அதே 10.68 விகிதத்தில் வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கைக் கட்டினால் போதும். உங்களுக்கு 854 டாலர் 40 சென்ட். வட்டியும் அபராதமும் கிடையாது, முந்தைய வருடங்களில் இவர்கள் ஊழியரா இல்லையா என்று தோண்ட மாட்டார்கள்.

கடந்த மூன்று வருடமும் 1099 அனுப்பியிருக்க வேண்டும். ஐஆர்எஸ்ஸின் பேரோல் வரித் தணிக்கையிலோ, தொழிலாளர் துறை அல்லது மாநிலத்தின் ஊழியர் வகைத் தணிக்கையிலோ நீங்கள் இருக்கக் கூடாது. தணிக்கை தொடங்கியதும் இந்தக் கதவு மூடிவிடும்.

பாடசாலை · 2025 பிப்ரவரி 10

854க்கா இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன்!

பாடசாலை · 2025 பிப்ரவரி 22

ஒரு தடை. ஒரே வகைப் பணியாளர்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம். என் நாலாவது ஆசிரியர், அந்த 12,000 வாங்குபவர், டபிள்யூ-2 என்றால் விலகிவிடுவேன் என்கிறார். அவருக்குச் சொந்தமாகப் பதினோரு மாணவர்கள் இருக்கிறார்கள், தன் லேப்டாப், தன் வீட்டு அறை என்று நிறையச் செலவு கழிக்கிறார். ஊழியர் ஆனால் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. பத்தாம் வகுப்புக் கால்குலஸுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. வரிக் காலம் முடியட்டும், ஏப்ரலுக்குப் பிறகு யோசிக்கலாம் என்று இருக்கிறேன்.

(ஆமாம், வேறு இடத்தில் எடுக்கக் கூடாது என்ற ஷரத்து அவருக்கும் இருக்கிறது. அவர் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.)

இரவுப்பணி · 2025 மார்ச் 1

மறுபக்கத்திலிருந்து ஒரு குரல். நான் மென்பொருள் டெஸ்டர். ஒரு சிறு நிறுவனம் இரண்டு வருடம் என்னை 1099இல் வைத்திருந்தது. அவர்கள் கொடுத்த லேப்டாப், தினமும் காலை ஒன்பதரைக்குக் கூட்டம், விடுப்புக்கு மேலாளர் அனுமதி. கடைசி வருடம் 52,000 டாலர். முழு சுயதொழில் வரியும் என் தலையில், 7,347.

எஸ்எஸ்-8 படிவம் போட்டு ஐஆர்எஸ்ஸிடமே நான் யார் என்று கேட்டேன். கட்டணம் கிடையாது. அந்த வருட வரித் தாக்கலில் 8919 படிவமும் வைத்தேன், அதில் எஸ்எஸ்-8 போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்பதற்கு "ஜி" என்று ஒரு குறி உண்டு. அப்படி வைத்தால் ஊழியர் பங்கு மட்டும் கட்டினால் போதும்: 3,978. பதில் வரப் பத்து மாதம் ஆனது. ஊழியர் என்றுதான் வந்தது.

ரகசியமாகப் போடலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். நிறுவனத்துக்கும் கடிதம் போகும், அவர்கள் தரப்பையும் கேட்பார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை.

தெற்குத்தெரு · 2025 மார்ச் 1

அடேயப்பா, 3,369 டாலர் மிச்சம்!

இரவுப்பணி · 2025 மார்ச் 2

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து முழுதாகக் கணக்குப் போட்டேன். சுயதொழில் என்றால் அந்த வரியில் பாதியை வருமானத்தில் கழிக்கலாம், தொழில் வருமானத்தில் 20 சதவீதக் கழிவும் உண்டு. ஊழியர் ஆனதும் இரண்டும் போயிற்று. என் கணவர் சம்பளத்தோடு சேர்ந்து நாங்கள் 22 சதவீத அடுக்கில் இருக்கிறோம். அந்த இரண்டு கழிவும் போனதில் வருமான வரி சுமார் 2,935 கூடியது. கையில் நின்றது நானூற்றுச் சொச்சம்.

அதனால் "1099 என்றால் ஊழியருக்கு நஷ்டம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். நஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. வேலை போனபோது வேலையின்மைப் படிக்கு என் பெயரில் ஒரு சம்பளப் பதிவும் இல்லை. அதுதான் வலித்தது.

எச்ஒன்பி பையன் · 2025 மார்ச் 2

எச்-1பியில் இருந்துகொண்டு வார இறுதியில் 1099இல் வேலை செய்யலாமா? ஊழியர் இல்லையே, காண்ட்ராக்டர்தானே?

பேரேடு · 2025 மார்ச் 2

தம்பி, அது வேறு கேள்வி. உங்கள் விசா மனு போட்ட நிறுவனத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். 1099 என்ற பெயர் அதை மாற்றாது. குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள், வரிக்காரனைக் கேட்காதீர்கள்.

இரவுப்பணி சொன்ன கடைசி வரியைப் பாடசாலை இரண்டு முறை படிக்கவும். இந்த விஷயத்தில் பெரும்பாலான முதலாளிகள் ஐஆர்எஸ்ஸால் மாட்டுவதில்லை. போனவர் வேலையின்மைப் படிக்கு விண்ணப்பிப்பதால் மாட்டுகிறார்கள்.

பாடசாலை · 2025 ஜூன் 27

வந்துவிட்டது.

20,000 வாங்கிய ஆசிரியர் மே கடைசியில் போனார். சண்டை இல்லை, கோடையில் மாணவர் குறைவு, மணி நேரம் குறைத்தேன், அவ்வளவுதான். வேலையின்மைப் படிக்கு விண்ணப்பித்திருக்கிறார். மாநிலக் கணினியில் அவர் பெயரில் சம்பளமே இல்லை. அவர் என் 1099ஐக் காட்டியிருக்கிறார். இப்போது தொழிலாளர் துறை என்னிடம் சம்பள விவரம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது.

அவர் மேல் கோபம் இல்லை. பொய். இரண்டு நாள் கோபம் இருந்தது.

8952 படிவம் மேசை மேல் பாதி நிரப்பியபடி இருக்கிறது. பிப்ரவரித் தேதியோடு.

பேரேடு · 2025 ஜூன் 28

இன்றே முடித்து அனுப்புங்கள்.

ஒரு விண்ணப்பத்தைப் பற்றி விவரம் கேட்ட கடிதம் தணிக்கையா என்றால், இல்லை என்பது என் கருத்து. இதில் எல்லாரும் ஒத்துப்போக மாட்டார்கள். படிவத்தில் தணிக்கையில் இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், பொய்ச் சத்தியத்துக்குத் தண்டனை உண்டு என்ற வரியின் கீழ். உங்களைப் பார்த்து முடிவு சொல்ல ஒரு வழக்கறிஞர் வேண்டும், நான் போதாது.

நாலாவது ஆசிரியர் பற்றி பிப்ரவரியில் நான் பதில் எழுதாமல் விட்டது என் தவறு. சொந்த மாணவர்கள், சொந்தக் கருவிகள், சொந்த விளம்பரம் என்றால் அவர் மற்ற மூவரோடு ஒரே வகையில் சேராமலே போகலாம். அவரை விட்டுவிட்டு மூவரை மட்டும் மாற்ற வாதம் இருந்தது. அதை அப்போதே சொல்லியிருந்தால் நீங்கள் நான்கு மாதம் தள்ளிப்போட்டிருக்க மாட்டீர்கள்.

பாடசாலை · 2025 ஜூலை 19

வழக்கறிஞரைப் பிடிக்க இரண்டு வாரம். அதற்குள் இரண்டாவது கடிதம். இதில் "தணிக்கை" என்றே இருக்கிறது. சில வருடங்களின் 1099கள், காசோலைப் பதிவு, வங்கி அறிக்கை, ஒப்பந்தங்கள். எல்லா ஆசிரியர்களுக்கும். வழக்கறிஞர் படித்துவிட்டு, "விசிஎஸ்பியை மறந்துவிடுங்கள்" என்றார்.

ஆன்லைனில் தங்கள் வீட்டிலிருந்து பாடம் எடுக்கும் நாட்களும் உண்டு. அது உதவுமா?

பேரேடு · 2025 ஜூலை 20

கொஞ்சம். மாநிலத்தின் சோதனை ஐஆர்எஸ் சோதனை இல்லை, ஏபிசி என்று மூன்று கால். மூன்றும் நிற்க வேண்டும், ஒன்று உடைந்தாலும் ஊழியர். நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்.

ஏ என்பது கட்டுப்பாடு. பி என்பது வேலை உங்கள் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது உங்கள் தொழிலிடங்களுக்கு வெளியே நடக்க வேண்டும். அந்த "அல்லது" நியூ ஜெர்சிக்காரர்களுக்கு ஒரு மூச்சு. கலிஃபோர்னியாவில் அது கிடையாது. வீட்டிலிருந்து எடுத்த வகுப்புக்கு அதைச் சொல்லிப் பார்க்கலாம். சென்டரில் எடுத்ததற்கு முடியாது.

ஆனால் இங்கே ஆட்கள் விழுவது சியில். அவருக்கென்று நிலைத்த தனித் தொழில் இருக்கிறதா? 1991இல் கார்பெட் ரெம்னன்ட் வேர்ஹவுஸ் வழக்கிலிருந்து வரும் எளிய கேள்வி: உங்கள் வேலை நின்ற பிறகும் அவர் தொழில் ஓடுமா? நின்றதும் வேலையின்மைப் படிக்கு வரிசையில் நின்றார் என்றால் பதில் தெரிந்துவிட்டது.

பாடசாலை · 2025 ஜூலை 20

வரிசையில் நின்றதே சாட்சி. நல்ல வேடிக்கை.

தெற்குத்தெரு · 2025 ஜூலை 21

எல்எல்சிக்குப் பணம் கொடுக்கும் என் ஆட்கள் இருவருக்கும் வேறு வாடிக்கையாளர் இருக்கிறார்களா என்று இன்று கேட்டேன். ஒருவருக்கு இருக்கிறது. இன்னொருவர் சிரித்தார்.

பாடசாலை · 2025 ஆகஸ்ட் 16

தணிக்கைக்காரர் வந்துபோனார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது. ஒப்பந்தத்தை ஒரு நிமிடம் புரட்டி ஓரமாக வைத்தார். மீதி மூன்று மணி நேரமும் கேட்டது இவ்வளவுதான்: இவருக்கு விசிட்டிங் கார்டு இருக்கிறதா, வலைத்தளம் இருக்கிறதா, உங்களுக்கு அவர் பில் அனுப்புவாரா அல்லது நீங்களே மணி நேரத்தை எண்ணிக் கொடுப்பீர்களா, வேறு யாருக்கு பில் அனுப்பியிருக்கிறார்.

நாலாவது ஆசிரியர் ஒரு கோப்பு கொடுத்துவிட்டார். பதினோரு மாணவர்களின் ரசீதுகள், இரண்டு பள்ளிகளுக்கு எடுத்த பயிலரங்குக்கு பில், காப்பீடு. மற்ற மூவருக்கும் நான் எழுதிய ஒரு எக்செல் கோப்பு மட்டும்தான் இருந்தது. அதில் நெடுவரிசையின் தலைப்பு "சம்பளம்".

இரவுப்பணி · 2025 ஆகஸ்ட் 16

"சம்பளம்"! ஐயோ அண்ணா.

பாடசாலை · 2025 ஆகஸ்ட் 17

சிரிப்பதற்கு இன்னொன்று. மாநிலம் ஐஆர்எஸ்ஸுக்குச் சொன்னால் என்ன செய்வது என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் 530ஆம் பிரிவு என்று ஒரு கேடயம் இருக்கிறது என்றார். காண்ட்ராக்டர் என்று நடத்த நியாயமான காரணம் இருந்தது, 1099 அனுப்பினேன், யாரையும் மாற்றி நடத்தவில்லை என்று காட்டினால் ஐஆர்எஸ் பழைய பேரோல் வரியைக் கேட்க முடியாது. காரணம் இருந்தது: பழைய கணக்காளர் 1099 போதும் என்று எழுதிய மின்னஞ்சல் கிடைத்தது. 1099 இருந்தது. அட, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிறகு அவர் 2019ஐப் பற்றிக் கேட்டார். முதல் வருடம் ஒரே ஒரு ஆசிரியர். வீட்டுக் கடன் வாங்கச் சம்பளச் சீட்டு வேண்டும் என்றார், அவருக்கு மட்டும் டபிள்யூ-2 போட்டேன். அதே வேலை, அதே ஒர்க்‌ஷீட்.

பேரேடு · 2025 ஆகஸ்ட் 18

அங்கேதான் கேடயம் உடைகிறது. அதே மாதிரி வேலை செய்த ஒருவரை முன்பு ஊழியராக நடத்திவிட்டால், அதற்குப் பின் வந்த வருடங்களுக்கு 530 எட்டாது. ஒருவரே போதும். தலைகீழாகப் பார்த்தால் பிரச்சினை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்: இனிமேல் நீங்கள் எல்லாரையும் டபிள்யூ-2வுக்கு மாற்றினால், அது பழைய வருடங்களுக்கான 530ஐக் கெடுக்காது.

எப்படியும் 530 மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது. ஐஆர்எஸ் வந்தால் மட்டும்தான் இந்தப் பேச்சு.

இதைப் படிக்கும் ஐடிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இடைத்தரகு நிறுவனம் புரோகிராமர்களை வாடிக்கையாளரிடம் அனுப்பும் மூன்று தரப்பு ஏற்பாட்டுக்கு 1986லிருந்தே 530 பொருந்தாது. அது ஒரு தனிக் கதை.

தெற்குத்தெரு · 2025 ஆகஸ்ட் 19

பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் செய்துவிட்டுத் தப்பிக்கின்றனவே.

இரவுப்பணி · 2025 ஆகஸ்ட் 19

எப்போதும் இல்லை. மைக்ரோசாஃப்ட்டில் 1989-90 வாக்கில் ஐஆர்எஸ் பார்த்து, "ஃப்ரீலான்சர்" என்று வைத்திருந்த பலரை ஊழியர் என்றது. வரியோடு முடியவில்லை. அப்படியானால் பங்கு வாங்கும் திட்டத்தில் எங்களுக்கும் இடம் உண்டே என்று அந்த ஆட்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் சுமார் 9.7 கோடி டாலருக்குச் சமரசம்.

பாடசாலை · 2025 நவம்பர் 11

முடிவு வந்தது. மூவர் ஊழியர்கள், நாலாவது ஆசிரியர் காண்ட்ராக்டர். மாநில வேலையின்மை, ஊனமுற்றோர் நிதிகளுக்கு விடுபட்ட தொகை, வட்டி. அது போக 2020இல் நியூ ஜெர்சி கொண்டுவந்த தனி அபராதமும் உண்டு: முதல் முறை என்றால் தவறாக வகைப்படுத்திய ஆளுக்கு 250 டாலர் வரை அரசுக்கு, அந்த ஆளுக்கே கடந்த ஒரு வருட வருமானத்தில் 5 சதவீதம் வரை. வழக்கறிஞர் பேசிக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கட்டணமே 854 டாலரைப் பல மடங்கு தாண்டிவிட்டது.

ஐஆர்எஸ்ஸிடமிருந்து இன்றுவரை ஒன்றும் இல்லை. தபால்காரரைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

தெற்குத்தெரு · 2025 நவம்பர் 12

ஒரு நல்ல செய்தி: 2026லிருந்து 600 டாலர் வரம்பு 2,000 ஆகிவிட்டது. சின்னத் தொகை கொடுக்கும் ஆட்களுக்கு இனி இந்தத் தொல்லை இல்லை.

பேரேடு · 2025 நவம்பர் 12

அது 1099 அனுப்ப வேண்டுமா என்பதற்கான வரம்பு. அவர் யார் என்பதற்கான வரம்பு இல்லை. ஊழியருக்கு 300 டாலர் கொடுத்தாலும் அது சம்பளம்தான்.

பாடசாலை · 2026 ஜனவரி 14

இந்த மாதம் முதல் மூவரும் பேரோலில். (போனவருக்குப் பதில் புதியவர்.) மணிக்கு 30 டாலரில் என் பங்கு 7.65 சதவீதம், 2 டாலர் 30 சென்ட். மாநிலத் தொகை, பேரோல் சேவைக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பெற்றோர் கட்டணத்தை 45லிருந்து 49 ஆக்கினேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதற்கா இத்தனை வருடம் ஒளிந்து விளையாடினேன்?

நாலாவது ஆசிரியர் ஒப்பந்தத்தைத் திரும்ப எழுதினோம். வேறு இடத்தில் எடுக்கக் கூடாது என்ற ஷரத்து போயிற்று. தன் கட்டணத்தை அவரே சொல்கிறார், மாதாமாதம் பில் அனுப்புகிறார். முதல் பில்லிலேயே கட்டணத்தை ஏற்றிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

இரவுப்பணி · 2026 ஜனவரி 14

அந்த 20,000 ஆசிரியரோடு பேசினீர்களா?

பாடசாலை · 2026 ஜனவரி 15

பேசவில்லை. அந்த 5 சதவீதக் காசோலையில் என்ன எழுதி அனுப்புவது என்று தெரியவில்லை. இன்னும் மேசையில்தான் இருக்கிறது, 8952 இருந்த அதே இடத்தில்.

பேரேடு · 2026 ஜனவரி 15

அந்த மேசையை விற்றுவிடுங்கள்.

பாடசாலை · 2026 பிப்ரவரி 11

காசோலை போய்விட்டது, ஒன்றும் எழுதவில்லை. வேறொரு விஷயம். ஒரு ஆசிரியருக்கு அறுவை சிகிச்சை, மூன்று வாரத்துக்கு மாற்று ஆள் திங்கட்கிழமை சேர்ந்தார். மூன்று வாரம்தானே, 1099 போதாதா என்று அவர் கேட்டார். ஊழியர் நிரப்பும் டபிள்யூ-4 படிவத்தை நீட்டினேன்.

பேரேடு · 2026 பிப்ரவரி 11

வேலை அனுமதியைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம்?

பாடசாலை · 2026 பிப்ரவரி 11

மறந்துவிட்டேன். சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் இல்லையா? நாளை அவர் பாஸ்போர்ட்டோடு வருகிறார்.